வாட்டர்மார்க்கை எடுத்துவிட்டு இறந்துபோன அப்பாவைச் சேர்க்கச் சொல்கிறார்: யாரிடம் சம்மதம் வாங்க வேண்டும்?

சுவரொட்டி
ஃப்ளெக்ஸ், லேமினேஷன், ஃபிரேம் போடும் கடை. வாடிக்கையாளர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் படம் அனுப்பியிருக்கிறார். மாப்பிள்ளை அவருடைய தம்பி. ஸ்டூடியோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்திலிருந்து எடுத்த படம். வலது மூலையில் ஸ்டூடியோ பெயர், நடுவில் குறுக்கே அதே பெயர் மங்கலாக. இரண்டையும் எடுத்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்பே காலமான அப்பா மணமக்களுக்குப் பின்னால் நிற்பதுபோல் சேர்த்து 12-க்கு 18 ஃபிரேம் வேண்டுமாம். இது போதாதென்று, பக்கத்துத் தெரு பியூட்டி பார்லரும் அதே படத்திலிருந்து பெண்ணை மட்டும் வெட்டி போர்டில் போடச் சொல்கிறது. அலங்காரம் அவர்கள் செய்ததாம்.

வேலை அரை மணி நேரம்தான். பிரச்சினை வந்தால் மாட்டுவது வாடிக்கையாளரா, கடையா?

மூன்றாங்கண்
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஷட்டரை அழுத்தியவன் யாரோ அவனுக்குத்தான் காப்புரிமை. வாடிக்கையாளருக்குப் பிரிண்டும் ஆல்பமும்தான் சொந்தம். ஸ்டூடியோவில் கேட்காமல் தொடாதீங்க.

வழக்குப்பெட்டி
கேட்காமல் தொடாதீங்க என்பது சரி. அதற்குச் சொன்ன காரணம் பாதிதான் சரி.

1957 காப்புரிமைச் சட்டத்தில் படத்தை எடுத்தவர்தான் அதன் ஆசிரியர். ஆனால் ஆசிரியரும் உரிமையாளரும் எப்போதும் ஒரே ஆளாக இருப்பதில்லை. பிரிவு 17(பி) ஃபோட்டோவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், காசுக்காக எடுத்த படம் என்றால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபோது கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர். அதாவது கல்யாணத்துக்கு ஸ்டூடியோவை புக் செய்தவர். பெண்ணின் அப்பா புக் செய்திருந்தால் அவர். மாப்பிள்ளை புக் செய்திருந்தால் அவர்.

ஆகவே சுவரொட்டி முதலில் விசாரிக்க வேண்டியது, புக் செய்தது யார், அப்போது எதில் கையெழுத்துப் போட்டார் என்பதை. மாப்பிள்ளையின் அண்ணன் என்ற உறவுக்கு இந்தச் சட்டத்தில் இடமே கிடையாது.

மூன்றாங்கண்
அப்படிப் பார்த்தால் எங்கள் இன்ஸ்டா பக்கத்தில் இருக்கும் பாதிப் படங்களை நாங்களே போட முடியாதே?

வழக்குப்பெட்டி
ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லையென்றால் முடியாதுதான். புக்கிங் படிவத்திலேயே "படங்களின் காப்புரிமை ஸ்டூடியோவுக்கே, ஸ்டூடியோ தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்" என்று எழுதி, முன்பணம் வாங்கும்போதே கையெழுத்து வாங்குகிறவர்களுக்குச் சிக்கல் இல்லை. கல்யாணம் முடிந்து கொடுக்கிற பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடிப்பவர்கள்தான் மாட்டுவார்கள். அதற்குள் உரிமை புக் செய்தவருக்குப் போய்விட்டது. போனதைத் திரும்ப வாங்க எழுத்தில் உரிமை மாற்று ஆவணம் வேண்டும். அதிலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாங்கண்
பாக்கிப் பணமே வராதபோது? முன்பணத்தோடு நிறுத்திக்கொள்கிற ஆட்கள்தான் வாட்டர்மார்க் போட்ட சாம்பிளை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். வாட்டர்மார்க் போடுவதே அதற்காகத்தான்.

வழக்குப்பெட்டி
இது வாதத்துக்கு உரிய இடம். பணம் தருவதாக ஒப்புக்கொண்டதே போதும், பாக்கி என்பது கடன் வசூல் விவகாரம் என்று ஒரு பக்கம் சொல்லலாம். முழுப் பணம் வரும்வரை உரிமை மாறாது என்று படிவத்தில் எழுதியிருந்தால் உங்கள் பக்கம் பலம். எழுதவில்லையென்றால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

சுவரொட்டி
சரி, புக் செய்தது மாப்பிள்ளையே என்று வைத்துக்கொள்வோம். அவர் "எடுத்துக்கோ" என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டால் வாட்டர்மார்க்கைத் தாராளமாக எடுக்கலாம்தானே?

வழக்குப்பெட்டி
இங்கேதான் இரண்டாவது கதவு. 2012 திருத்தத்தில் பிரிவு 65பி வந்தது. உரிமை மேலாண்மைத் தகவலை அனுமதி இல்லாமல், தெரிந்தே நீக்கினாலோ மாற்றினாலோ 2 ஆண்டுவரை சிறை, அபராதம். எது அந்தத் தகவல் என்றும் சட்டமே சொல்கிறது: படைப்பை அடையாளம் காட்டும் விவரம், ஆசிரியர் பெயர், உரிமையாளர் பெயர், முகவரி, பயன்படுத்துவதற்கான நிபந்தனை, இவற்றைக் குறிக்கும் எண் அல்லது குறியீடு.

மாப்பிள்ளை உரிமையாளராக இருக்கலாம். ஆனால் மூலையில் இருக்கும் பெயர் படம் எடுத்த ஆசிரியருடையது. அந்தப் பெயரை எடுக்க உரிமையாளரின் அனுமதி போதுமா, ஆசிரியரின் அனுமதியும் வேண்டுமா என்பதைப் பிரிவு தெளிவாகச் சொல்லவில்லை. பிரிவு 57 படி, உரிமையை முழுக்க விற்ற பிறகும் 'இது என் படைப்பு' என்று உரிமை கோரும் உரிமை ஆசிரியரிடமே இருக்கும். அதனால் இரண்டு பேரிடமும் கேட்டுவிடுங்கள் என்பேன்.

இன்னொன்று. குறுக்கே வெறுமனே 'சாம்பிள்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் யார் பெயரும் இல்லை. அதை 65பி-க்குள் கொண்டுவருவது கொஞ்சம் கஷ்டம். ஸ்டூடியோ பெயரோ, போன் நம்பரோ, லோகோவோ என்றால் வாதம் சுலபம். வாட்டர்மார்க் வடிவமைக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

பென்டூல்
வீட்டில் மாட்டுவதற்குத்தானே? சொந்த உபயோகத்துக்கு விலக்கு உண்டு. பிரிவு 52. பயப்படாமல் செய்யலாம்.

வழக்குப்பெட்டி
52-ல் சொந்த உபயோகத்துக்கு நியாயமான கையாளல் என்று இருப்பது உண்மைதான். இரண்டு ஓட்டை. சொந்த உபயோகம் வாடிக்கையாளருக்கு. காசு வாங்கிக்கொண்டு செய்கிற கடைக்கு அது தொழில். அடுத்து, 52 சொல்வது 'இது காப்புரிமை மீறல் ஆகாது' என்று. 65பி தனிக் குற்றம். பக்கத்தில் இருக்கும் 65ஏ-வில், அதாவது டிஜிட்டல் பூட்டை உடைப்பது பற்றிய பிரிவில், விலக்குகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். 65பி-யில் அப்படி ஒன்றும் இல்லை.

சுவரொட்டி முதலில் கேட்டதற்குப் பதிலும் இதுதான். நீக்கியது யார் கையோ அவர்தான் முதலில் மாட்டுவார். சொன்னவரும் கூட்டாளி ஆகலாம். ஆனால் 'வாடிக்கையாளர் சொன்னார், செய்தேன்' என்பது தெரியாமல் செய்ததாக ஆகாது. பெயரைப் பார்த்துப் பார்த்துத்தானே அழித்தீர்கள்?

லேயர் மாஸ்க்
சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வேலை தொழில்முறையாகவே வராது.

இன்ஸ்டாவிலிருந்து எடுத்த படம் 1080 பிக்சல் அகலம்தான் இருக்கும். 12 இன்ச்சால் வகுத்தால் இன்ச்சுக்கு 90 பிக்சல். கையில் வைத்துப் பார்க்கும் ஃபிரேமுக்கு நாம் கேட்பது 300, அதாவது 3600-க்கு 5400. பெரிதாக்கினால் தாலிச் சரடும் கண் இமையும் மெழுகு பூசியதுபோல் வரும். குறுக்கே போகும் வாட்டர்மார்க் பட்டுப்புடவை மேல் விழுந்திருந்தால் இன்னும் மோசம். சுவர், வானம் போன்ற இடத்தில் நிரப்பினால் தெரியாது. ஜரிகைக் கட்டத்தில் நிரப்பினால் ஒரே மாங்காய் இரண்டு முறை வரும், கட்டம் பாதியில் வளையும். திரையில் கண்ணுக்குத் தப்பினாலும் 18 இன்ச்சில் பளிச்சென்று தெரியும்.

இதைக் கண்டுபிடிப்பதும் சுலபம். ஸ்டூடியோக்காரர் தன் ஒரிஜினலை அதே அளவுக்குச் சுருக்கி உங்கள் படத்தின் மேல் வைத்து, லேயர் மோடை டிஃபரன்ஸ் என்று மாற்றுவார். ஒத்துப்போகும் இடமெல்லாம் கறுப்பாகிவிடும். நீங்கள் நிரப்பிய இடம் மட்டும் எழுத்தின் வடிவத்திலேயே வெளிச்சமாகத் தெரியும். அழித்த பெயரை நீங்களே எழுதிக் காட்டிய மாதிரி.

ஒரிஜினலைக் கேட்டு வாங்கினால் வாட்டர்மார்க் பிரச்சினையும் ரெசல்யூஷன் பிரச்சினையும் ஒரே போனில் தீரும்.

பென்டூல்
கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க்கும் உண்டா?

லேயர் மாஸ்க்
அதைவிடச் சாதாரணமாக இருப்பது ஃபைலுக்குள் எழுதிய பெயர். பார்க்க இது போதும்:

```
exiftool -a -G1 -s -Artist -Copyright -By-line -CopyrightNotice padam.jpg
```

பெயர் வந்தால் யாரிடம் கேட்க வேண்டும் என்பதற்கு அதுவே விடை. ஒன்றும் வரவில்லை என்றால் உரிமையாளர் இல்லை என்று அர்த்தம் இல்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இதெல்லாம் உதிர்ந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் அப்படியே வரும்.

நம் பக்கமும் ஒரு தவறு நடக்கும். ஃபோட்டோஷாப்பில் சேவ் ஃபார் வெப் கொடுக்கும்போது மெட்டாடேட்டா கட்டத்தில் 'நன்' என்று வைத்திருந்தால், உள்ளே இருந்த பெயரும் போய்விடும். தெரியாமல் போவதற்கும் வேண்டுமென்றே அழிப்பதற்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு என்றாலும், 'காப்பிரைட் அண்ட் காண்டாக்ட் இன்ஃபோ' என்று மாற்றி வைப்பது ஒரு கிளிக் வேலை.

நெட்டிப்பூ
நானும் பார்லர் வைத்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன். அலங்காரம் நான் செய்தது, கொண்டை நான் போட்டது. என் வேலையை என் போர்டில் போட யாரைக் கேட்கணும்? சிகை அலங்காரத்துக்குக் காப்புரிமை எனக்கு உண்டுதானே?

வழக்குப்பெட்டி
அக்கா, உங்கள் கொண்டைக்கு உரிமை உண்டா என்பது இங்கே கேள்வியே இல்லை. போர்டில் போவது கொண்டை அல்ல, ஒரு ஃபோட்டோ. அந்த ஃபோட்டோவில் ஒரு பெண்ணின் முகம். இரண்டும் உங்களுடையது இல்லை.

முகத்தைப் பற்றிச் சொல்ல நம் ஊர் வழக்கே இருக்கிறது. ஆட்டோ சங்கர் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடுவது சம்பந்தமாக 1994-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு. ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்கோ வேறு எதற்கோ பயன்படுத்துவது அந்தரங்க உரிமை மீறலுக்கு உதாரணம் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். நடிகர், அரசியல்வாதிக்கு மட்டும் என்று சொல்லவில்லை.

ஃபோட்டோ உரிமையும் முக உரிமையும் சேர்ந்தே வந்த வழக்கு டைட்டன் எதிர் ராம்குமார் ஜுவல்லர்ஸ், டெல்லி உயர் நீதிமன்றம், 2012. தனிஷ்க் விளம்பரத்தில் இருந்த அமிதாப் பச்சன், ஜெயா பச்சன் படத்தை முசாபர்நகரில் ஒரு நகைக்கடை தன் ஹோர்டிங்கில் போட்டுக்கொண்டது. விளம்பரப் படத்தின் காப்புரிமை டைட்டனுடையது, முகம் பச்சன்களுடையது. கடை இரண்டிலும் தோற்றது. உங்கள் போர்டிலும் இதே இரண்டு அடுக்குதான். புகழ்பெற்ற முகம் என்றால் நஷ்ட ஈடு கேட்பது சுலபம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நெட்டிப்பூ
பெண் வாயால் 'போட்டுக்கோங்க அக்கா' என்றாள். அது போதாதா?

வழக்குப்பெட்டி
வாய்ச் சொல்லும் சம்மதம்தான். ஆனால் எதற்கு என்று கேட்டீர்கள்? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குச் சொன்னதை 10 அடி போர்டுக்கு நீட்ட முடியாது. பெண்ணிடம் ஒரு மெசேஜ் வாங்குங்கள்: எந்தப் படம், எங்கே வைப்பீர்கள், எத்தனை மாதம், திரும்பக் கேட்டால் எத்தனை நாளில் எடுப்பீர்கள். அது முகத்துக்கு. படத்துக்கு, புக் செய்தவரிடமோ ஸ்டூடியோவிடமோ தனியாக. அடுத்த முறை அலங்காரம் முடிந்ததும் நீங்களே போனில் எடுத்துவிட்டால் படத்துக்கு அனுமதி தேவைப்படாது. முகத்துக்கு மட்டும் கேட்டால் போதும்.

பென்டூல்
போர்டில் அந்தப் பெண் முகம் வேண்டாம், உடம்பும் நகையும் அப்படியே இருக்கட்டும், வேறு முகம் வைத்துக்கொடு என்று கேட்கிறவர்களும் உண்டு. அப்படியென்றால் பெண்ணின் சம்மதம் தேவையில்லையே?

லேயர் மாஸ்க்
புடவையும் நகையும் மருதாணியும் பார்த்து ஊரே அடையாளம் சொல்லும். அடையாளம் தெரிந்தால் அது அவள்தான். ஃபோட்டோவின் உரிமையும் போகவில்லை, வெட்டி ஒட்டினாலும் முக்கால்வாசிப் படம் அதே படம். கூடுதலாகப் புது முகத்துக்காரரின் சம்மதமும் சேர்ந்துகொண்டது. இரண்டு பிரச்சினையை மூன்றாக்கும் யோசனை.

பழைய நெகட்டிவ்
எல்லாரும் பெண்ணையும் ஸ்டூடியோவையும் பேசுகிறீர்கள். இறந்துபோன அப்பாவின் படத்தை யாரும் கேட்கவில்லையே. அதுவும் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படமாகத்தானே இருக்கும்.

வழக்குப்பெட்டி
நல்ல கேள்வி ஐயா. அவர் காசு கொடுத்து எடுத்துக்கொண்ட ஸ்டூடியோ படம் என்றால் அதே 17(பி) இங்கே குடும்பத்துக்குச் சாதகம். உரிமை அவருடையது, பிறகு வாரிசுகளுடையது. ஆதார், ஓட்டர் ஐடியில் இருக்கும் படத்தைத்தான் பலர் கொண்டுவருவார்கள். தரம் கெட்டிருக்குமே தவிர யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

இறந்தவரின் உருவத்துக்கு வாரிசுகள் தடை கேட்க முடியுமா என்பதில், சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் தீபா வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடும், சொத்துபோல் வாரிசுக்கு வராது என்றது. ஜெயலலிதாவைப் பற்றிய படம் தொடர்பான வழக்கு. வீட்டு ஃபிரேமில் அப்பாவைச் சேர்ப்பதற்குச் சட்டத் தடை என்று எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

பழைய நெகட்டிவ்
சட்டம் விட்டாலும் குடும்பம் விடாது. அண்ணன் கேட்கிறார், சரி. படத்தில் இருக்கும் தம்பிக்கும் அவர் மனைவிக்கும் தெரியுமா? அம்மா உயிரோடு இருந்தால் அவரிடம் கேட்டார்களா? மாலை போட்ட படமாக ஓரத்தில் வேண்டுமா, உயிரோடு நிற்பதுபோல் வேண்டுமா என்பதில் ஒரே வீட்டுக்குள் இரண்டு கருத்து இருக்கும். பிரிண்ட் போடும் முன் ஒரு சின்ன ஜேபெக் அனுப்பி, மணமக்கள் சரி சொன்ன பிறகு லேமினேஷன் போடுங்கள்.

வேலையிலும் ஒன்று. அப்பா படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மண்டப விளக்கு இடமிருந்தும் ஸ்டூடியோ ஃப்ளாஷ் நேரிலிருந்தும் வந்தால் முகம் ஒட்டியதுபோல் நிற்கும். புரட்டிப் போட்டுச் சரிசெய்ய நினைக்காதீர்கள். வகிடும் மச்சமும் பக்கம் மாறினால் வீட்டில் முதலில் கண்டுபிடிப்பது அம்மாதான்.

மூன்றாங்கண்
எங்கள் பெயரை அழித்த படம் நெட்டில் சுற்றினால் எப்படி இறக்குவது? ஒருமுறை புகார் கொடுத்தால் 'உங்கள் புகாரை ஏற்க இயலவில்லை' என்று வருகிறது.

வழக்குப்பெட்டி
எந்தப் படிவத்தில் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலான நிராகரிப்பு அங்கேதான். காப்புரிமைப் படிவம் உரிமையாளருக்கு. படத்தில் இருப்பவர், உரிமையாளராக இல்லாவிட்டால், அதில் கொடுத்து ஜெயிக்க முடியாது; அவர் ஆள்மாறாட்டம், மார்ஃபிங் பிரிவில் கொடுக்க வேண்டும். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் வந்தபோதே, மார்ஃப் செய்த உருவத்தைப் பற்றி சம்பந்தப்பட்டவர் புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று வைத்தார்கள்.

காப்புரிமைப் புகாருக்கு 2013 விதிகளில் 36 மணி நேரம். ஆனால் அது நிரந்தரம் இல்லை. 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் தளம் திரும்பப் போட்டுவிடலாம். பலர் இறங்கியதும் மறந்துவிடுகிறார்கள், நான்காவது வாரம் படம் மறுபடி வரும்.

போலீஸுக்குப் போவதென்றாலும் எந்தப் பிரிவு என்பது முக்கியம். காப்புரிமை மீறலுக்கான பிரிவு 63-ல் 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறை. அது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனில் வராத குற்றம் என்று 2022-ல் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 65பி மட்டும் என்றால் தண்டனை 2 ஆண்டுவரைதான். பொது விதிப்படி மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. உங்கள் ரா ஃபைல், புக்கிங் படிவம், அழித்த படத்தின் லிங்க், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கையில் இருக்கட்டும். ஆனால் முதலில் 17(பி) உங்கள் பக்கம் இருக்கிறதா பாருங்கள். படிவத்தில் அந்த வரி இல்லையென்றால் 63-க்கு நீங்கள் போகவே முடியாது.

மூன்றாங்கண்
இந்த வாரமே படிவம் புதிதாக அச்சடிக்கிறேன்.

சுவரொட்டி
ஸ்டூடியோவுக்கும், புக் செய்த மாப்பிள்ளைக்கும் அனுப்ப இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"உங்கள் ஸ்டூடியோ எடுத்த இந்தக் கல்யாணப் படத்தில் காலமான அப்பாவின் உருவத்தைச் சேர்த்து, வீட்டில் மாட்ட 12-க்கு 18 அளவில் ஒரே ஒரு ஃபிரேம் போட உங்கள் சம்மதம் வேண்டும். வாட்டர்மார்க் இல்லாத ஒரிஜினல் ஃபைல் கொடுத்தால் நல்லது. நெட்டில் போட மாட்டோம். வேலை முடிந்ததும் ஃபைலை அழித்துவிடுவோம்."

பார்லர் வேலையை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வழக்குப்பெட்டி
"உருவத்தைச் சேர்த்து" என்பதற்குப் பக்கத்தில் "படத்தின் வேறு பகுதிகளை மாற்றாமல்" என்று சேருங்கள். படைப்பைச் சிதைத்தார்கள் என்ற 57-ஆம் பிரிவு முணுமுணுப்புக்கு அது பதில். நெட்டில் போட மாட்டோம் என்று கடை சொல்லலாம், வாடிக்கையாளர் சார்பில் சொல்ல முடியாது. அவரிடமும் அதே வரியை வாங்கிக்கொள்ளுங்கள்.

சுவரொட்டி
அனுப்பினேன். மாப்பிள்ளை சரி சொல்லிவிட்டார், மனைவியிடமும் கேட்டுவிட்டாராம். ஸ்டூடியோ ஒரிஜினல் தருகிறது, ஆனால் மூலையில் அவர்கள் பெயர் சிறியதாக வர வேண்டுமாம். அண்ணன், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டப் போகிறேன், கடைப் பெயர் வேண்டாம் என்கிறார்.

பழைய நெகட்டிவ்
பின்பக்க அட்டையில் ஸ்டூடியோ பெயரும் தேதியும் போட்டு ஒட்டுகிறோம், முன்னால் வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் காலத்தில் பிரிண்டுக்குப் பின்னால் ரப்பர் ஸ்டாம்ப்தான்.

மூன்றாங்கண்
எனக்கு வந்திருந்தால் ஒப்புக்கொள்வேன். அப்பா சேர்ந்திருக்கும் படத்தின் மூலையில் என் பெயர் இருந்தால், அந்த ஒட்டு வேலையும் நான் செய்ததாக ஆகிவிடுமே.